மாரிக்குத் தொழில் இல்லை: ஒரு நன்றிக் கடிதம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன விதம்

கடிதத்தை எழுதியவர் மூதூர்ப் பக்கத்து மாணவி. வயது 17. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, முதலாம் ஆண்டு. தகப்பன் கொட்டியாரக் குடாவில் சிறுவள்ளத்தில் மீன் பிடிப்பவர். ஜேர்மனியில் வாழும் ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் ஒரு புலமைப்பரிசில் திட்டத்தின் வழியாக இந்தப் பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய் தருகிறார்கள். தவணைக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். இரண்டும் சேர்ந்தே போகும்.

இது ஒரே ஆளின் கடிதம் அல்ல. திருகோணமலை மாவட்டத்தில் எழுதப்படும் இவ்வகைக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஓரிடத்தில் பார்ப்பதற்காக, யாரையும் அடையாளம் காட்டாமல் சேர்த்து அமைத்த மாதிரி. தொகைகளும் புள்ளிகளும் அந்த மாதிரிக்கு உரியவை.

முதல் வரைவு இப்படி இருந்தது:

‘பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய ஐயா, அம்மையீர் அவர்கட்கு, நான் இங்கு நலம். அதுபோல் தாங்களும் நலமுடன் வாழ எல்லாம் வல்ல கோணேசப் பெருமானை இறைஞ்சுகின்றேன். காலம் அறிந்து தாங்கள் செய்துவரும் பேருதவியை என் வாழ்நாள் உள்ளவரை மறவேன். தாங்கள் எனக்குத் தெய்வத்துக்குச் சமமானவர்கள். வறிய குடும்பத்தில் பிறந்த எனக்குக் கல்வி எட்டாக்கனியாக இருந்தது. தங்கள் உதவியினால் இன்று நன்றாகப் படித்து வருகின்றேன். எதிர்காலத்தில் வைத்தியராகி நாட்டுக்குச் சேவை செய்வேன் என உறுதி கூறுகின்றேன். தொடர்ந்தும் தங்கள் உதவியை வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன்.’

தமிழ்ப் பாடப் பரீட்சையில் இதற்கு நல்ல புள்ளி கிடைக்கும். எழுத்துப் பிழை இல்லை, விளி சரி, முடிவு சரி. ஆனால் கீழே இருக்கும் பெயரை எடுத்துவிட்டு மாவட்டத்தில் உள்ள எந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டாலும் கடிதம் அப்படியே நிற்கும். எந்தப் பாடம், எந்த ஊர், காசு எங்கே போனது என்று ஒரு சொல்லும் இல்லை. வருடத்துக்கு மூன்று தடவை இதே கடிதம் கிடைத்தால் வாசிப்பவருக்கு இரண்டாவதைத் திறக்கும்போதே கை சோர்ந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த வரைவில் நன்றியைச் சுமப்பவை தமிழின் மரியாதை வடிவங்கள்தான்: ‘தாங்கள்’, ‘அவர்கட்கு’, ‘இறைஞ்சுகின்றேன்’. ஆங்கிலத்தில் நீ, நீங்கள், தாங்கள் மூன்றும் ‘யூ’ என்ற ஒரே சொல். மரியாதை வடிவம் கழன்று விழுந்ததும் அதன் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தால் வெறும் வாக்குறுதிதான் மிஞ்சுகிறது. அந்த வெறுமையைப் பிள்ளைகளும் உணர்கிறார்கள். அதை நிரப்பத்தான் ‘ரெஸ்பெக்டட் சேர்’, ‘கைன்ட்லி’, ‘யுவர் குட்செல்ஃப்’ என்று அலுவலகக் கடிதச் சொற்களைக் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். ‘தெய்வத்துக்குச் சமம்’ என்பது தமிழில் ஒரு வழக்கு. வாசிப்பவர் அதை நேரடியாக எடுக்கமாட்டார். ‘யூ ஆர் லைக் கோட் டு மீ’ என்று ஆங்கிலத்தில் படிக்கும் ஜேர்மன் மூதாட்டி அதை நேரடியாகத்தான் எடுப்பார். மகிழ்வதற்குப் பதில் கூச்சப்படுவார்.

ஆகவே சிக்கலைத் தீர்க்கும் இடம் ஆங்கில வரைவு அல்ல. திரும்பவும் தமிழுக்குத்தான் போகவேண்டும்.

தமிழில் முதலில் எழுதச் சொல்வதன் பயன் இங்கேதான் தெரிகிறது. நேரடியாக ஆங்கிலத்தில் எழுத விட்டால் பிள்ளை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத்தான் சொல்லும், தனக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்லாது. ‘ஐ ஆம் வெரி ஹப்பி டு ரைட் திஸ் லெட்டர்’ என்று தொடங்கி, பாடப்புத்தகத்தில் படித்த ஐந்தாறு வசனங்களோடு முடிந்துவிடும். தமிழ் வரைவு சரக்கைச் சேர்க்கும் இடம். சரக்கு சேராமல் அலங்காரம் மட்டும் சேர்ந்தால் மொழிபெயர்க்க எதுவும் இருக்காது.

சரக்கைச் சேர்க்க மாணவியிடம் கடிதம் கேட்கப்படவில்லை. நான்கு கேள்விகள் கொடுத்து, கொப்பியில் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு மட்டும் எழுதச் சொல்லப்பட்டது. இந்தத் தவணையில் அந்தக் காசு எந்த நாளில் எதற்குப் போனது? அது இல்லாதிருந்தால் என்ன நின்றுபோயிருக்கும்? படிப்பில் எது கஷ்டமாக இருக்கிறது? அவர்களிடம் உமக்கு அறிய விருப்பமானது என்ன? இரண்டாவது கேள்விக்கு மட்டும் பிள்ளைகள் யோசிக்க நேரம் எடுப்பார்கள். அவசரப்படுத்தக் கூடாது, ஏனென்றால் கடிதத்தின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வந்த குறிப்பு இது. சனி, ஞாயிறு திருகோணமலை டவுனில் டியூசன். மூன்று பாடம், ஒன்றுக்கு மாதம் 2,500. காலை 5.40 பஸ், கிண்ணியாப் பாலத்தால் போகும். பஸ் காசு மாதம் 1,800. மிச்சம் 700இல் கடந்தகால வினாத்தாள் போட்டோக்கொப்பி. முதலாம் தவணை இரசாயனவியல் 38, மூல் கணிப்பு பிழைத்தது. மாரிக்கு அப்பா தொழிலுக்குப் போகவில்லை. போன மாரிக்கு வகுப்பு நின்றது, இந்த மாரிக்கு நிற்கவில்லை. அவர்கள் ஊரில் கடல் இருக்கிறதா?

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் 7,500, 1,800, 700, சரியாக 10,000. நன்கொடையாளர் கணக்கு அறிக்கை கேட்கவில்லைதான். ஆனால் ‘படிப்புச் செலவுக்கு உதவியாக இருந்தது’ என்ற வரிக்கும் ‘சனிக்கிழமை 5.40 பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது விடிகிறது’ என்ற வரிக்கும் உள்ள தூரம் அதிகம். இரண்டாவதில் காசு கண்ணுக்குத் தெரிகிறது. மூதூர் ஆட்கள் கிண்ணியாவில் படகுப்பாதைக்குக் காத்துநின்ற காலம் 2009இல் பாலம் திறந்ததோடு போனது. இந்தப் பிள்ளைக்கு அந்தக் காலம் நினைவிலேயே இருக்க முடியாது. அதனால் பாலத்தின் வரலாற்றைக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம் என்று விட்டாயிற்று. தான் பார்த்ததை மட்டும் எழுதினால் போதும்.

மாரி பற்றிய குறிப்புத்தான் கடிதத்தின் நடுத்தூண். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். சிறுவள்ளக்காரர் பல நாட்கள் இறங்கமாட்டார்கள். வருமானம் அறுந்துபோகும் அந்த மூன்று மாதமும் வகுப்புக் காசு மட்டும் மாதாமாதம் கேட்கும். முந்திய வருடம், சாதாரண தரத்துக்குப் படித்தபோது, அந்த மாதங்களில் வகுப்பை விட்டுவிட்டார். இம்முறை விடவில்லை. நன்றி சொல்ல வேண்டிய இடம் துல்லியமாக இதுதான், ஆனால் முதல் வரைவில் இதன் வாசனைகூட இல்லை. மாணவிக்கு அது சொல்லத் தகுந்த செய்தியாகவே படவில்லை. மாரிக்குத் தொழில் இல்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

இரண்டாவது தமிழ் வரைவின் முக்கியப் பகுதி:

‘அன்புள்ள ஐயா, அம்மா, வணக்கம். இங்கே மழை விட்டுவிட்டது. கடலும் அடங்கிவிட்டது. அப்பா போன கிழமையிலிருந்து தொழிலுக்குப் போகிறார். மாரி காலத்தில் அவர் தொழிலுக்குப் போகாத மூன்று மாதமும் வகுப்புக் காசு கட்ட வழியில்லாமல் போன வருடம் நின்ற நான் இந்த முறை ஒரு நாளும் நிற்கவில்லை. நீங்கள் அனுப்பும் காசில்தான் அந்த மூன்று மாதமும் போனேன். உங்களுக்கு மிகவும் நன்றி. சனி ஞாயிறுகளில் விடிய 5.40 பஸ்ஸில் டவுனுக்குப் போவோம். பாலத்தில் போகும்போது வெளிச்சம் வரும். இரசாயனவியலில் எனக்கு 38 புள்ளிதான் வந்தது. மூல் கணக்குகளில் பிழை விட்டேன். இப்போது ஒவ்வொரு நாளும் ஐந்து கணக்கு செய்கிறேன். உங்கள் ஊரில் கடல் இருக்கிறதா? நீங்களும் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன்.’

‘தாங்கள்’ போய் ‘நீங்கள்’ வந்துவிட்டது. பிள்ளை பேசுகிற மாதிரி இருக்கிறது. கோணேசரை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. ‘எல்லாம் வல்ல’ என்ற அடைமொழி மட்டும் போனது. எங்கோ இருக்கிற இரண்டு பேருக்காக இவர் வேண்டிக்கொள்வது உண்மையான செயல், அது எந்த மொழியிலும் நிற்கும். ஆங்கிலத்தில் ‘எங்கள் டவுனில் கடலுக்கு மேலே பாறையில் இருக்கும் சிவன் கோயில்’ என்று ஒரு சிறு விளக்கம் சேர்த்தால் முடிந்தது.

இனி ஆங்கிலம். மாணவி தானே எழுதிய முதல் ஆங்கில வரைவில் மேலே உள்ள நீண்ட வசனம் இப்படி வந்தது: ‘இன் மாரி ஃபாதர் இஸ் நொட் கோயிங் டு ஜொப். லாஸ்ட் இயர் ஐ ஸ்டூட் வித்தவுட் கிளாஸ் மணி. திஸ் டைம் ஐ டிட் நொட் ஸ்டாண்ட்.’

இலக்கணத்தை விடுங்கள். இதைப் படிக்கும் ஜேர்மன்காரருக்கு என்ன விளங்கும்? மாரி ஒரு ஊர் அல்லது ஒரு ஆள். அங்கே தகப்பன் வேலைக்குப் போவதில்லை. ஏதோ சோம்பல், அல்லது வேலை பறிபோய்விட்டது. மகள் போன வருடம் எங்கேயோ நின்றார், இந்த வருடம் நிற்கவில்லை. வகுப்புக்குக் காசு கேட்கிறார்கள், அப்படியென்றால் பாடசாலை கட்டணம் அறவிடுகிறது. ஒவ்வொரு சொல்லும் அகராதிப்படி சரி. மொத்தமாகக் கிடைத்த செய்தி முழுக்கப் பிழை.

நான்கு சொற்கள் இதைச் செய்தன. ‘மாரி’ ஒரு பருவத்தின் பெயர் என்பது தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். ஆங்கிலத்தில் மாதத்தின் பெயரைச் சொல்லவேண்டும்: நவம்பர் முதல் ஜனவரி வரை. ‘தொழிலுக்குப் போதல்’ என்றால் கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போதல் என்றுதான் பொருள். ‘ஜொப்’ என்ற சொல்லில் கடல் இல்லை, வள்ளம் இல்லை. ‘நிற்றல்’ படிப்பைப் பற்றிய பேச்சில் இடைநிற்றல். ‘ஸ்டாண்ட்’ அந்தப் பொருளைத் தராது, ‘ஸ்டொப்’ தரும்.

நான்காவது சொல் ‘வகுப்பு’. இதில்தான் பணம் பற்றிய சந்தேகமே எழக்கூடும். இலங்கையில் அரச பாடசாலைக் கல்வி 1945 முதல் இலவசம். அதைக் கொஞ்சம் வாசித்து வைத்திருக்கும் நன்கொடையாளர், ‘கிளாஸ் மணி’ என்று கண்டதும் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போடுவார்: பாடசாலை இலவசம் என்றீர்கள், பிள்ளை கட்டணம் கட்டுகிறதே? யாரும் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் ‘வகுப்பு’ என்றாலே பாடசாலைக்கு வெளியே காசு கொடுத்துப் போகும் டியூசன் என்று ஆகிவிட்டதுதான் காரணம். ஆகவே ஒரு வசனம் கட்டாயம் தேவை: பாடசாலை இலவசம், ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் பலரும் வார இறுதியில் தனியார் வகுப்புகளுக்குப் போகிறார்கள், உங்கள் காசு அவற்றுக்குப் போகிறது. திட்டங்களுக்கு வரும் விளக்கக் கோரல்களில் ஒரு பகுதியை இந்த ஒரு வசனமே தடுத்துவிடும்.

இதற்கு மேல் வசன அமைப்பு. தமிழில் எச்சங்களை அடுக்கி, எழுவாயைக் கடைசிவரை இழுத்து, ‘நான்’ என்ற சொல்லில் கொண்டுவந்து முடிச்சுப் போடலாம். அந்த நீண்ட வசனம் தமிழில் சுகமாகவே இருக்கிறது, குலைக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் அதே முடிச்சைப் போடப் போனால் மாணவிக்கு மட்டுமல்ல, திருத்துகிற ஆசிரியைக்கும் வியர்க்கும். செய்யக்கூடியது, வினைகளை எண்ணுவது. போகாத, கட்ட, நின்ற, நிற்கவில்லை, நான்கு வினை. ஒவ்வொன்றுக்கும் ‘யார்?’ என்று கேட்டு எழுவாயை எழுதவேண்டும். போகாதவர் அப்பா. கட்ட முடியாதவர்கள் நாங்கள். நின்றது நான். நிற்காததும் நான். அப்படி எழுதினால் நான்கு சிறு ஆங்கில வசனங்கள் தாமாக வரும்: அப்பா சிறு வள்ளத்தில் மீன் பிடிப்பவர். நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கடுமையாக இருப்பதால் அவர் பெரும்பாலும் போக முடியாது. போன வருடம் அந்த மாதங்களில் எங்களால் காசு கட்ட முடியவில்லை, நான் வகுப்பை நிறுத்தினேன். இந்த வருடம் உங்களால் நான் நிறுத்தவில்லை.

எழுவாய் தேடும் இந்த வேலையில் ‘நாங்கள்’ வந்தால் கொஞ்சம் நிற்கவேண்டும். தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே, ‘நாங்கள்’ என்றால் வெளியே. ஆங்கிலத்து ‘வீ’ இரண்டுக்கும் பொது. ‘டவுனுக்குப் போவோம்’ என்று மாணவி எழுதியது தானும் இரண்டு தோழிகளும் என்ற நினைப்பில். ‘வீ கோ’ என்று மட்டும் போட்டால் குடும்பமே போகிறதா, பாடசாலை கூட்டிப்போகிறதா என்று தெரியாது. ‘நானும் இரண்டு தோழிகளும்’ என்று விரித்ததும் வாசகர் கண்ணில் பஸ்ஸில் மூன்று பிள்ளைகள் தெரிகிறார்கள்.

நீளமும் மாறும். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அவை தனித்தனிச் சொற்களாக உதிரும். 150 தமிழ்ச் சொல்லில் அமைந்த கடிதம் விளக்கங்களையும் சேர்த்து 230 ஆங்கிலச் சொல்லளவுக்குப் போவது சாதாரணம். ஆங்கிலம் கூடிவிட்டதே என்று வெட்டப் போகிறவர்கள் வழக்கமாக வெட்டுவது பஸ்ஸையும் மூல் கணக்கையும்தான். வெட்டவேண்டாம். இரண்டும் ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் சரி.

38 புள்ளியை எழுதலாமா என்ற கேள்வி எழுந்தது. தகப்பனுக்கு விருப்பமில்லை, உதவி நின்றுவிடும் என்ற பயம். பயம் நியாயமானது, ஆனால் மறைப்பதில் வேறு ஆபத்து உண்டு. பெறுபேற்றுத் தாளின் பிரதி எப்படியும் திட்டத்தின் கோப்புக்குப் போகும். ‘நன்றாகப் படித்து வருகிறேன்’ என்ற வரியும் 38 என்ற எண்ணும் ஒரே உறைக்குள் இருந்தால் பழுது கடிதத்துக்குத்தான். எழுதினால், எண்ணோடு நிற்காமல் எங்கே பிழைத்தது, இப்போது என்ன செய்கிறார் என்று சேர்த்து எழுதவேண்டும். அதை மாணவி தமிழிலேயே செய்துவிட்டார். ஆங்கிலத்தில் ‘நூற்றுக்கு’ என்பதை மறக்கக் கூடாது. ஜேர்மன் பாடசாலையில் புள்ளி 1 முதல் 6 வரை. 1 மிகச் சிறந்தது, 6 மிக மோசம். அந்தப் பழக்கத்தில் உள்ளவருக்கு 38 என்ற தனி எண் ஒன்றும் சொல்லாது. அதேபோல் ‘ஏ லெவல்’ என்று மட்டும் போடாமல், பல்கலைக்கழகம் போவதற்கான தேசியப் பரீட்சை, அவர்களின் அபிட்டூர் போன்றது என்று சொன்னால் ஒரே வரியில் விளங்கும். நன்கொடையாளர் நோர்வேயிலோ கனடாவிலோ இருந்தால் அபிட்டூரை எடுத்துவிட்டு முதல் பாதியை மட்டும் வைக்கவேண்டும்.

‘தொடர்ந்தும் தங்கள் உதவியை வழங்குமாறு’ என்ற வரி இரண்டாவது தமிழ் வரைவிலேயே இல்லை. தமிழில் அது விடைபெறும் மரியாதை. ‘போயிட்டு வாறேன்’ மாதிரி. ஆங்கிலத்தில் கோரிக்கையாகவே கேட்கும், அதுவும் நன்றியின் வாலில் தொங்கும் கோரிக்கையாக. உண்மையாகவே கூடுதல் தேவை இருந்தால் அதை ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகச் சொல்வதே முறை. பிள்ளையின் கடிதம் அதற்கான இடம் அல்ல.

விளியிலும் ஒப்பத்திலும் பெயர்ச் சிக்கல் உண்டு, இரு பக்கமும். நம் பிள்ளைகள் ‘டியர் மிஸ்டர்’ போட்டுப் பக்கத்தில் முதற்பெயரை எழுதிவிடுவார்கள். அங்கே ‘மிஸ்டர்’ குடும்பப் பெயரோடுதான் ஒட்டும். அதற்கு நேர்மாறாக, மாணவி தகப்பன் பெயரை விரித்து, அதன் பின் தன் பெயரை எழுதி ஒப்பமிட்டால், எது பிள்ளையின் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. பதில் கடிதம் தகப்பன் பெயரை விளித்து வரும். தன் பெயரை மட்டும் எழுதி, முதல் கடிதத்தில் மட்டும் ‘முன்னெழுத்து அப்பாவின் பெயரைக் குறிக்கும், என்னை இந்தப் பெயரால் அழையுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவர்களுக்கு இது சுவையான செய்தியும்கூட.

அடுத்தது திருத்தம், கடிதம் சாகக்கூடிய கடைசி இடம். ஆங்கில ஆசிரியை நல்ல மனதோடு சிவப்புப் பேனையை எடுத்தார். திரும்பி வந்த தாளில் ‘யுவர் பெனவலன்ட் கொன்ட்ரிபியூஷன்’ என்று ஒரு தொடர் இருந்தது. பிழை இல்லைதான், ஆனால் 17 வயதும் இல்லை. மறுமுனையில் இருப்பவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்பதை மறந்துவிடுகிறோம். அவர்களும் ‘பெனவலன்ட்’டுக்கு அகராதி எடுக்கவேண்டி வரும். எனவே ஒரு எல்லை வைக்கப்பட்டது: பொருளை மாற்றும் பிழையைத் திருத்துவது, காதுக்கு மட்டும் இடறுவதை விடுவது. காலம் பிழைத்த வினை திருத்தப்பட்டது, ஏனென்றால் ‘ஐ ஸ்டொப் கிளாஸ்’ என்றால் இப்போது நிறுத்திவிட்டார் என்று வாசிப்பார்கள். ‘த’ போடாமல் விட்ட இரண்டு இடங்கள் அப்படியே போயின. திருத்திய பிறகு மாணவி ஆங்கிலக் கடிதத்தை வாசித்து, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்காட்ட வேண்டும். சொல்ல முடியாத வசனம் அவருடையது அல்ல. அதை எடுத்துவிட்டு, தமிழ் மூலத்துக்குப் போய்த் திரும்பி வரவேண்டும்.

தமிழ்க் கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பலாம் என்று ஒரு யோசனை இருந்தது. பக்கத்துக் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கோப்பை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால் பாமினி இல்லாத கணினியில் ‘நன்றி’ என்ற சொல் இப்படித் தெரியும்:

```
ed;wp
```

பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றும் பழைய முறை. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக்கினால் தப்பலாம், யூனிகோடில் அடித்தாலும் தப்பலாம். இங்கே அந்தச் சிரமமே தேவைப்படவில்லை. தமிழ்க் கடிதம் பிள்ளையின் கையெழுத்திலேயே போனது, கோடிட்ட தாளில், நீலப் பேனையில், ஸ்கேன் செய்து. அவர்களால் வாசிக்க முடியாதுதான், ஆனால் அது யாரோ அடித்துக் கொடுத்த பிரதி அல்ல என்பது எழுத்தின் சாய்விலேயே தெரியும். ஒருங்கிணைப்பாளருக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு வரி விசித்திரமாகப் பட்டால், பிள்ளை உண்மையில் என்ன சொன்னது என்று தமிழில் பார்த்துக்கொள்ளலாம்.

படம் ஒன்று இணைக்கலாம் என்றார்கள். மாணவி கொண்டுவந்தது வீட்டுப் படலையருகே பாடசாலைச் சீருடையில் நிற்கும் படம். சின்னம் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் வீதிப் பெயர்ப்பலகை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எந்தப் பாடசாலை, எந்த வீதி என்பதை ஒரே படத்தில் கொடுப்பது சரியல்ல, வாங்குபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அதற்குப் பதிலாக மூல் கணக்குச் செய்த கொப்பிப் பக்கம் ஒன்று படமெடுக்கப்பட்டது, இரண்டு கணக்கில் சிவப்புக் கோடு, மூன்றில் சரி அடையாளம். முகவரிக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் திட்டத்தின் விவரமே போடப்பட்டது. திகதியில் மாதம் எழுத்தில் எழுதப்பட்டது, 03.04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்ற கேள்வி வராது.

அனுப்பிய இரண்டு தாள்களின் பிரதியும் குறிப்பு எழுதிய கொப்பிப் பக்கமும் மாணவியின் கோப்பில் இருக்கின்றன. இரண்டாம் தவணைக் கடிதம் இரசாயனவியல் புள்ளியிலிருந்து தொடங்கவேண்டும். பாலமும் பஸ்ஸும் இனி ஒரு வரிக்கு மேல் வேண்டாம், அவற்றை அவர்கள் ஏற்கனவே பார்த்துவிட்டார்கள். கடல் பற்றிய கேள்விக்குப் பதில் வந்திருந்தால் அதற்கு மறுமொழி முதற்பந்தியிலேயே வரவேண்டும்.